‘நான்தான்’ என்றால் யார்?

“ஹலோ... யாரு பேசறது?”

“நான்தான் பாட்டி.”

“நான்தான்னா? யாருப்பா?”

“என்ன பாட்டி, என் குரல்கூட மறந்துபோச்சா?”

பேரன் உரிமையோடுதான் கேட்கிறான். அதில் கோபம் எதுவும் இல்லை. ஆனால் மறுமுனையில் இருப்பவருக்கு எண்பது வயது. மூக்குக் கண்ணாடி எங்கே என்று தேடுவதற்குள் மணி நின்றுவிடுமே என்ற பதற்றத்தில், திரையில் என்ன பெயர் வந்தது என்று பார்க்காமலே போனை எடுத்திருப்பார். இப்போது பேரனின் குரலை அடையாளம் காணாதது தன் குற்றம்போல அவருக்குத் தோன்றிவிடுகிறது. வயதாகிவிட்டது, எல்லாம் மறக்கிறது என்று தன்னைத்தானே நொந்துகொள்கிறார்.

உண்மையில் அங்கே மறதி என்று எதுவும் நடக்கவில்லை. அந்தக் குரலை அந்தக் காதுக்குள் முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போனால் முடியவில்லை, அவ்வளவுதான்.

மனிதக் காது இளமையில் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும். வழக்கமான தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியை மட்டுமே அனுப்புகிறது. பேச்சு புரிவதற்கு இது போதும் என்று அந்தக் காலப் பொறியாளர்கள் வகுத்த அளவு அது. 4ஜி வழியாகப் பேசும் வோல்ட்டி அழைப்பில் இது ஏறத்தாழ 7,000 வரை விரிகிறது. ஆனால் அதற்கு இரண்டு முனையிலும் அந்த வசதி இருக்க வேண்டும். பேரனிடம் புதிய போன் இருந்தாலும், பாட்டியிடம் இருப்பது பழைய பட்டன் போன் என்றால் அவர் காதுக்கு வருவது அந்தக் குறுகிய ஒலிதான்.

அடுத்த சிக்கல் காதில். முதுமையில் கேட்கும் திறன் குறையும்போது எல்லா ஒலிகளும் ஒரே சீராக மங்குவதில்லை. கீச்சென்ற உயர் ஒலிகள் முதலில் போகின்றன, கனத்த ஒலிகள் கடைசிவரை தங்குகின்றன. அ, ஆ, இ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, ஆகவே அவை தெளிவாகக் கேட்கும். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் மெலிந்தவை. ‘ஸ’ என்று சீறும் ஒலியின் வலுவில் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயே இருக்கிறது. போன் அதை வெட்டிவிடுகிறது. மிச்சமிருக்கும் கொஞ்சத்தைக் காது தவறவிடுகிறது. வித்யா, நித்யா, திவ்யா மூவரும் அந்தக் காதுக்கு ஒருவரே. சசியும் ரவியும் அப்படித்தான். அறுபது வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேள்திறன் குறைந்திருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதனால்தான் கத்திப் பேசுவது பெரும்பாலும் பலன் தருவதில்லை. கத்தும்போது உயிரொலிகள்தான் பெருக்கின்றன. தொலைந்த மெய்யொலிகள் தொலைந்தபடியே இருக்கின்றன. போதாக்குறைக்கு, முதுமைக் காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ வலிக்கும். “கத்தாதே, காது கேக்குது” என்று பெரியவர் சொல்வதும், அடுத்த நொடியே “என்ன சொன்னே?” என்று கேட்பதும் முரண்பாடு இல்லை. இரண்டுமே உண்மை.

ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தச் சங்கடம் இந்த அளவுக்கு இல்லை. காது அப்போதும் இதே காதுதான். ஆனால் அழைக்கும் முறையே ஆளைச் சொல்லிவிடும். இந்தியாவில் நேரடியாக வெளியூருக்கு எண் சுழற்றும் எஸ்.டி.டி. வசதி 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையேதான் முதலில் வந்தது. அது மற்ற ஊர்களுக்குப் பரவ ஆண்டுகள் பிடித்தன. அதுவரை ட்ரங்க் கால்தான். எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் முதலில் பேசி, எந்த ஊரிலிருந்து அழைப்பு என்று சொல்லிவிட்டுத்தான் இணைப்பைக் கொடுப்பார். பிறகு வீட்டுக்கு வீடு போன் இல்லாத காலத்தில், பக்கத்து வீட்டு எண்ணுக்குத்தான் அழைக்க வேண்டும். “எதிர் வீட்டு பார்வதி அம்மாவோட பையன் பேசறேங்க, பம்பாய்லேருந்து. அம்மாவைக் கொஞ்சம் கூப்பிட முடியுங்களா?” என்று முன்பின் தெரியாதவரிடம் முழு விவரம் சொன்னால்தான் காரியம் நடக்கும். ஊர், உறவு, பெயர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் அப்படித் தானாகவே வந்தது.

செல்போன் அந்தத் தேவையை அழித்துவிட்டது. அழைப்பவரின் பெயர் திரையிலேயே வருகிறது, எடுப்பவரும் “சொல்லுடா” என்றே தொடங்குகிறார். இப்படியே வளர்ந்தவர்களுக்குத் தங்களை அறிமுகம் செய்துகொண்டு பேச்சைத் தொடங்கும் தேவையே வந்ததில்லை. பெரியவரின் போனிலோ எண்ணைப் பதிந்து கொடுத்தது மகனோ மகளோதான். வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பு, புதிதாக மாற்றிய எண், மனைவியின் போனிலிருந்து கணவன் பேசுவது என்று வந்துவிட்டால் திரையிலும் உதவி இல்லை.

குரலைக் கேட்டே ஆளைக் கண்டுகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் இம்மானுவேல் ஷெக்லாஃப் ஏராளமான தொலைபேசிப் பேச்சுகளின் தொடக்கங்களை ஒலிப்பதிவிலிருந்து ஆராய்ந்து 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நெருங்கியவர்கள் தங்கள் பெயரைச் சொல்வதைவிட, ஒரு சின்ன வணக்கத்தைச் சொல்லிக் குரலைக் காட்டி, எதிரில் இருப்பவர் தாமே கண்டுகொள்வதையே அதிகம் விரும்புகிறார்கள் என்று அதில் விளக்கினார். கண்டுகொண்டால் அது நெருக்கத்தின் சான்று. கண்டுகொள்ளாவிட்டால் இருவருக்கும் சங்கடம். நெதர்லாந்தில் நிலைமை வேறு. அங்கே எடுப்பவரும் தன் பெயரைச் சொல்லி எடுப்பார், அழைத்தவரும் தன் பெயரைச் சொல்லித் தொடங்குவார் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆக, ‘நான்தான்’ என்பது அன்பின் வெளிப்பாடுதான் என்றாலும், அது எதிராளிக்கு வைக்கும் ஒரு தேர்வும்கூட. நல்ல காதுள்ள நண்பனுக்கு அந்தத் தேர்வு விளையாட்டு. எண்பது வயதுப் பாட்டிக்கு அது பாரம்.

தமிழில் பேசும் பெரியவருக்கு இன்னொரு தேவையும் உண்டு. எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாமல் அவரால் அடுத்த வாக்கியத்தையே அமைக்க முடியாது. “நல்லா இருக்கியா” என்பதா, “நல்லா இருக்கீங்களா” என்பதா? மாப்பிள்ளையாக இருந்தால்? சம்பந்தி வீட்டாராக இருந்தால்? வாய் தவறி ஒருமையில் பேசிவிட்டால் மரியாதைக் குறைவு. சொந்தப் பேரனைப் பன்மையில் அழைத்தால் அவன் சிரிப்பான். அதனால்தான் ‘யார் பேசறான்’ என்றோ ‘யார் பேசறாங்க’ என்றோ கேட்காமல், “யாரு பேசறது?” என்று எந்தப் பக்கமும் சாயாமல் கேட்கிறார். பதில் வரும்வரை அவர் வாசலிலேயே நிற்கிறார்.

சரி, பதிலை எப்படிச் சொல்வது? ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். சென்னை வேளச்சேரியில் வசிக்கும் இருபத்தாறு வயது கார்த்திகேயன், மன்னார்குடியில் இருக்கும் தன் தாத்தாவின் தங்கையை அழைக்கிறான். அவன் அப்பாவுக்கு அத்தை, அவனுக்கு அத்தைப் பாட்டி. வீட்டில் ஒரு விசேஷம், அதைச் சொல்ல வேண்டும்.

“பாட்டி, நான் கார்த்திக்” என்கிறான். பாட்டியின் மகள் வயிற்றுப் பேரன் ஒரு கார்த்திக், எதிர்வீட்டுப் பையன் ஒரு கார்த்திக். அந்த வயதுப் பையன்களில் கார்த்திக் இல்லாத தெருவே கிடையாது. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கிறது. அதைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. வெறும் பெயர் ஆளைக் காட்டாது.

“சென்னையிலேருந்து பேசறேன் பாட்டி, வேளச்சேரியிலேருந்து” என்கிறான் அடுத்தபடியாக. வேளச்சேரி அவன் வாடகைக்கு வந்த இடம். பாட்டியின் மனத்தில் அவன் குடும்பம் இருப்பது தஞ்சாவூர்ப் பழைய வீட்டில். ஊரைச் சொல்வதானால் தான் இப்போது இருக்கும் ஊரைவிட, பெரியவர் தன்னை எந்த ஊரோடு சேர்த்து வைத்திருக்கிறாரோ அந்த ஊரைச் சொல்ல வேண்டும்.

“எங்க அப்பா ராஜேந்திரன்” என்கிறான். சான்றிதழில் இருக்கும் பெயர் அது. அத்தை தூக்கி வளர்த்த பிள்ளைக்கு வீட்டில் பெயர் ராஜு. ‘ராஜேந்திரன்’ என்றதும் பாட்டி வெளியாள் யாரோ என்றே நினைக்கிறார்.

“எங்க தாத்தாவோட தங்கச்சிதானே பாட்டி நீங்க!” என்று கடைசியாகச் சொல்கிறான். இதுவும் தவறில்லை. ஆனால் உறவைத் தன் பக்கத்திலிருந்து சொல்கிறான். யாருடைய தாத்தா என்று தெரிந்தால்தானே அந்தத் தங்கை யார் என்று தெரியும்? கணக்கைப் பாட்டிதான் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. இதையே அவர் பக்கத்திலிருந்து சொன்னால் “உங்க அண்ணன் பேரன்” என்று மூன்றே சொல்லில் முடிந்துவிடும். தன் அண்ணன் யார் என்று அவர் யோசிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் சேர்த்து அவன் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: “பாட்டி, வணக்கம். தஞ்சாவூர்... உங்க அண்ணன் பேரன் பேசறேன். ராஜு பையன், கார்த்தி.”

பெயர் கடைசியில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. தனியாக ஒலிக்கும் சொல்லைவிட, ஒரு தொடருக்குள் வரும் சொல் இரைச்சலிலும் எளிதாகப் பிடிபடும் என்பதை 1951இலேயே ஜார்ஜ் மில்லரும் அவரோடு இருந்தவர்களும் சோதனைகளில் காட்டினார்கள். முன்னால் வந்த சொற்கள் அடுத்து என்ன வரலாம் என்பதைக் குறுக்கிவிடுகின்றன. தஞ்சாவூர் என்றதும் பாட்டியின் மனத்தில் ஒரு வீடு திறக்கிறது. அண்ணன் பேரன் என்றதும் அந்த வீட்டின் நாலைந்து பிள்ளைகள்தான் மிச்சம். ராஜு பையன் என்றதும் இருவர். பிறகு ‘கார்த்தி’ அரைகுறையாகக் காதில் விழுந்தாலும் போதும், மீதியை மனமே நிரப்பிக்கொள்ளும். பெயர் முதலில் வந்தால் அது வெற்றிடத்தில் விழுந்து தொலைந்துபோகும்.

முதல் சொல் வீணாகப் போவதற்கு இன்னொரு சின்னக் காரணமும் உண்டு. பச்சைப் பொத்தானைத் தொட்டதும் இணைப்பு கிடைத்துவிடுகிறது. ஆனால் போன் மேசையிலிருந்து எழுந்து காதுக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று நொடி ஆகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் கேட்புக் கருவி வைத்திருப்பவருக்கு இன்னும் நேரம் பிடிக்கும். அந்தக் கருவியின் மைக் காதுக்கு மேலே பின்பக்கம் இருப்பதால் போனைக் காதுத் துளையில் வைக்காமல் சற்று மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் துளையோடு அழுத்திப் பிடிப்பவர்களுக்குச் சத்தம் குறைவாக வரும், சில நேரம் கீச்சென்று விசில் அடிக்கும். ஆகவே பெரியவர் “ஹலோ” என்று சொல்லும்வரை பொறுத்திருந்து, அதற்குப் பிறகு “பாட்டி” என்று அழைத்து, ஒரு மூச்சு விட்டு, மற்றதைத் தொடங்குவது நல்லது. அந்த முதல் அழைப்பிலேயே பேசுவது குடும்பத்து ஆள்தான் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

திருமணமாகி வந்த பெண்களுக்கு இதில் தனி நெருக்கடி உண்டு. கணவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்கள் கண்டுபிடித்த வழி அழகானது, துல்லியமானதும்கூட: “உங்க பெரிய தம்பி வீட்லேருந்து பேசறேன் அண்ணி”, அல்லது “கவின் அம்மா பேசறேன் பெரியப்பா.” கணவன் பெயரைத் தயங்காமல் சொல்லும் இன்றைய மருமகள்களுக்கும் இந்த வழி உதவும். ஏனென்றால் வீட்டுக்குப் புதிதாக வந்தவரின் பெயரைவிட அந்த வீட்டுக் குழந்தையின் பெயர் பெரியவருக்கு முன்னதாக நினைவுக்கு வரும்.

உறவினர் அல்லாதவர் அழைக்கும்போது வரிசை சற்று மாறுகிறது. மகனுடன் வேலை பார்ப்பவர் அவனுடைய தந்தைக்கு அழைத்து, “சார், நான் உங்க பையனோட ஆபீஸ்லேருந்து பேசறேன்” என்று நிறுத்தினால், அந்த ஒரு நொடியில் அந்த மனிதருக்கு நெஞ்சு பதறிவிடும். பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று. “ஐயா, வணக்கம். பயப்படற விஷயம் எதுவும் இல்லை. உங்க பையனோட வேலை பார்க்கறவன், பேரு செல்வம்” என்று தொடங்குவதுதான் முறை. இரவு நேரத்தில் அழைக்க நேர்ந்தால் அந்த ஆறுதல் பெயருக்கும் முன்னால் வர வேண்டும்.

இவ்வளவு சொல்லியும் “யாரு?” என்ற கேள்வி மறுபடி வரலாம். அதே வாக்கியத்தை அதே வேகத்தில் இன்னும் உரக்கச் சொல்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஒருமுறை நிதானமாகத் திருப்பிச் சொல்லலாம். அதற்கும் பிடிபடவில்லை என்றால் அந்தச் சொற்கள் அந்தக் காதில் ஏறவில்லை என்று பொருள், வேறு சொற்களுக்கு மாற வேண்டும். “போன பொங்கலுக்கு வந்து உங்க தோட்டத்துல கறிவேப்பிலை பறிச்சுட்டுப் போனேனே” என்பதுபோல, இருவருக்கும் பொதுவான ஒரு நிகழ்ச்சி பெயரைவிட வேகமாக வேலை செய்யும்.

கேள்வியே வராமல் போவதும் உண்டு. அதைக் கவனிப்பதுதான் கடினம். பல பெரியவர்கள் இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்பட்டு, “ஆங்... சொல்லு, சொல்லு” என்று பேச்சைத் தொடர்ந்துவிடுவார்கள். ஆளைத் தெரியாமலே பேசுகிறார்கள் என்பதற்கு அடையாளம், பேச்சில் பெயரோ உறவுமுறையோ வராது. “எல்லாரும் சௌக்கியமா? மழை உண்டா அங்க?” என்று யாருக்கும் பொருந்தும் கேள்விகளாகவே வரும். ‘அங்க’ என்பார்கள், எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள். அப்போது “நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்பது அவரை மாட்டிவைப்பதாகும். பேச்சோடு பேச்சாகத் தானே விவரத்தை நுழைத்துவிடலாம்: “மழை இல்ல பாட்டி. அப்பா ராஜுகூட நேத்துத்தான் உங்களைப் பத்தி கேட்டுச்சு.” கண்டுகொண்ட நொடியில் மறுமுனையில் குரலே மாறும். “அடே, கார்த்தியா!” என்று பெயர் வந்துவிடும்.

மறதி நோய் உள்ளவர்களிடம் இது இன்னும் கட்டாயம். ‘என்னைத் தெரியுதா’, ‘ஞாபகம் இருக்கா’ என்ற கேள்விகளைத் தவிர்க்கச் சொல்லித்தான் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கு அறிவுரை தரப்படுகிறது. ஒவ்வோர் அழைப்பிலும் முழு விவரத்தையும் சொல்லித் தொடங்க வேண்டும், நேற்றுப் பேசியிருந்தாலும்கூட.

‘நான்தான்’ என்ற சொல்லில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஜப்பானில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் முதியவர்களைக் குறிவைத்து ஒரு மோசடி பரவியது. அழைப்பவன் “ஓரே, ஓரே” என்பான். ‘நான்தான், நான்தான்’ என்று அர்த்தம். கேட்பவர் தன் மகன் பெயரையோ பேரன் பெயரையோ தாமே சொல்லிக் கேட்பார். அவன் ஆமென்று ஒப்புக்கொள்வான். விபத்தாகிவிட்டது, அவசரமாகப் பணம் வேண்டும் என்று கதை தொடங்கும். அந்த மோசடிக்கு ‘ஓரே ஓரே’ என்றே பெயர் வந்தது. நம் ஊரிலும் இதே உத்திதான். “என்ன மாமா, என்னைத் தெரியலையா?” என்பான். “முருகேசனா?” என்று கேட்டதும் முருகேசனாகிவிடுவான். பெயரைச் சொன்னது ஏமாந்தவர்தான், ஏமாற்றியவன் அல்ல.

வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ‘நான்தான்’ என்றே அழைத்துப் பழக்கியிருந்தால், அந்தப் பெரியவருக்கு மோசடிக்காரனின் தொடக்கத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. உறவும் வீட்டுப் பெயரும் சொல்லியே எல்லாரும் தொடங்கும் வீட்டில், அவற்றைச் சொல்லாத அழைப்பு உடனே உறுத்தும். பெரியவர்களுக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்கலாம்: யாரென்று சந்தேகம் வந்தால் பெயரை எடுத்துக் கொடுக்காமல், “நீயே சொல்லுப்பா” என்று கேட்க வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. ஊரும் தகப்பன் பெயரும் வெளியாளுக்கும் தெரிய வரலாம். ஆகவே சரியான விவரம் சொன்னார் என்பதற்காக ஒருவர் அவர்தான் என்று உறுதியாகிவிடாது. பேச்சு பணத்தின் பக்கம் திரும்பினால், ஓ.டி.பி. எண்ணைக் கேட்டால், யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினால், இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஏற்கெனவே போனில் பதிந்திருக்கும் எண்ணுக்குத் தாமே அழைத்துக் கேட்க வேண்டும். உண்மையான பேரன் அதற்குக் கோபிக்க மாட்டான். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்ல வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் தகவல் போனால் அதை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. கண்ணாடி இல்லாமலும் படிக்கும்படி அந்த நான்கு எண்களைப் பெரிதாக எழுதி, பெரியவர் போன் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்.